இரண்டு போனிலும் அடிக்க வேண்டும்

கேள்வி:

நான் பெரியகுளத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. என் வீட்டுக்காரர் வத்தலக்குண்டில் உரக்கடையில் வேலை பார்க்கிறார். கெங்குவார்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். அத்தை எங்களோடு இருக்கிறார், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாமா தவறி மூன்றாவது வருடம் நடக்கிறது.

கரண்ட் பில், பள்ளிக்கூட ஃபீஸ், அத்தை மாத்திரை, காய் வெட்டு, கல்யாணம் காதுகுத்து எல்லாம் என் தலையில்தான். ஏதாவது விட்டுப்போனால் "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல" என்கிறார். சொல்லிக்கொண்டே இருப்பதுதான் எனக்குப் பெரிய வேலை. அதனால் கூகுள் காலண்டரை இருவரும் பார்க்கிற மாதிரி போட்டோம். மூன்று மாதம் ஆகிறது. என் போன் அடிக்கிறது, அவர் போன் அடிப்பதில்லை. நான் போட்டதில் பாதி அவருக்குத் தெரியவில்லை என்கிறார். போன தடவை கரண்ட் பில் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். காய் வெட்டும் நாள் தவறிப்போனது. மாமாவின் திதியை வருடா வருடம் வருகிற மாதிரி போட்டிருந்தேன், அது வேறொரு நாளைக் காட்டியது. நல்லவேளை, அத்தை கண்டுபிடித்தார். எங்கே தப்பு? வேறு ஆப் மாற்ற வேண்டுமா?

— பெயர் வேண்டாம், கெங்குவார்பட்டி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஆப்பை மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன தவறுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அவை எல்லாமே சரிசெய்யக்கூடியவை. முதலில் போன் விஷயத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வேலையை எப்படிப் பதிவது என்று பார்ப்போம். "சொல்லிக்கொண்டே இருப்பதுதான் பெரிய வேலை" என்றீர்களே, அதற்கான தீர்வு இரண்டாவதில் இருக்கிறது.

நீங்கள் போட்டதில் பாதி அவருக்குத் தெரியாததற்குப் பெரும்பாலும் ஒரு காரணம்தான் இருக்கும். உங்கள் போனில் இப்போது குறைந்தது இரண்டு காலண்டர்கள் இருக்கின்றன. ஒன்று உங்கள் சொந்தக் காலண்டர், மற்றொன்று இருவருக்கும் பொதுவானது. புதிதாக எதைப் பதிந்தாலும், நீங்கள் மாற்றாதவரை அது பெரும்பாலும் சொந்தக் காலண்டருக்குத்தான் போகும். பதியும் திரையில் தலைப்புக்குக் கீழே உங்கள் மெயில் முகவரி தெரியும். அதைத் தொட்டுப் பொதுக் காலண்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்தபின் சேமிக்க வேண்டும். ஏற்கெனவே தவறான இடத்தில் போட்டவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் திறந்து, திருத்தி, காலண்டர் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

பொதுக் காலண்டர் என்று தனியாக ஒன்றை நீங்கள் உருவாக்காமல், சொந்தக் காலண்டரையே அவருக்குத் திறந்துவிட்டிருந்தால், இந்த ஒருமுறை புதிதாக ஒன்று உருவாக்கிவிடுங்கள். கணினியில் செய்வது சுலபம். calendar.google.com பக்கத்தில் இடப்பக்கம் "Other calendars" என்பதன் அருகே உள்ள கூட்டல் குறியைத் தொட்டு "Create new calendar" கொடுத்து, "வீடு" என்று பெயர் வையுங்கள். பிறகு அதன் "Settings and sharing" பகுதிக்குப் போய் அவருடைய மெயில் முகவரியைச் சேருங்கள். அங்கே அனுமதி என்ன என்று கேட்கும். "See all event details" கொடுத்தால் அவரால் பார்க்க மட்டும்தான் முடியும். "Make changes to events" கொடுத்தால்தான் அவரும் பதியலாம், திருத்தலாம். அவருக்கு வரும் மெயிலில் உள்ள இணைப்பை அவர் ஒருமுறை தொட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உரக்கடை வேலையில் இருப்பவர் மெயிலைத் திறப்பதே அபூர்வமாக இருக்கலாம், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து அப்போதே செய்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் போன் அடித்து அவர் போன் அடிக்காத விஷயம். காலண்டரைப் பகிரும்போது பகிரப்படுவது தேதியும் விவரமும் மட்டும்தான். மணி அடிப்பது பகிரப்படுவதில்லை. "ஒரு நாள் முன்னால் நினைவூட்டு" என்று நீங்கள் போட்டால் அது உங்கள் போனுக்கு மட்டும்தான் பொருந்தும். அவருக்கு எப்போது அடிக்க வேண்டும் என்பதை அவர் போனில்தான் அமைக்க வேண்டும். காலண்டர் ஆப்பின் மெனுவில் "Settings" போய், "வீடு" என்ற பெயரைத் தொட்டால் "Default notifications" இருக்கும். அங்கே நேரம் குறித்த பதிவுகளுக்கும், "All day" என்று போட்ட முழுநாள் பதிவுகளுக்கும் தனித்தனியாக அமைப்பு உண்டு. முதலாவதை மட்டும் அமைத்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், நேரம் போடாமல் பதிந்த கல்யாணமும் ஃபீஸ் கடைசி நாளும் சத்தமில்லாமல் கடந்துவிடும். முழுநாள் பதிவுகளுக்கு முந்தைய நாள் இரவு 8 மணி என்று இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் அடித்தால்தான் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியும்.

எல்லாம் செய்த பிறகு ஒரு சோதனை வையுங்கள். "வீடு" காலண்டரில் அரைமணி நேரம் கழித்து ஒரு பதிவு போட்டு, இரண்டு போனையும் மேசையில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அடித்தால் சரி. அவர் போனில் பதிவு தெரிகிறது ஆனால் அடிக்கவில்லை என்றால், போனின் பொது அமைப்பில் காலண்டருக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா, பேட்டரி சிக்கனம் அதை முடக்குகிறதா என்று பாருங்கள். பதிவே தெரியவில்லை என்றால், "வீடு" காலண்டருக்கு "Sync" அணைந்திருக்கிறது, அல்லது அவர் போன் நெட்டில் இல்லை. தோப்பில் சிக்னல் இல்லாதபோது பதிந்தது, நெட் கிடைத்த பிறகுதான் மற்ற போனுக்குப் போகும்.

இப்போது கரண்ட் பில். நீங்கள் ஒரு குறிப்பிட்ட தேதியைப் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருமாறு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். கணக்கெடுக்கும் நாள் சில நாள் முன்பின் ஆகும், அதோடு சேர்ந்து கடைசி நாளும் நகரும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டியது "பில் கட்டு" என்ற பதிவு அல்ல, "கணக்கெடுத்தாச்சா பார்" என்ற பதிவு. மீட்டர் அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்தவர், அன்றே "பில் கட்டு" என்ற தனிப் பதிவைக் கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகப் போட்டுவிட வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். கணக்கெடுத்ததும் பில் தொகையோடு ஒரு எஸ்எம்எஸ் வரும். அது இணைப்பில் பதிவுசெய்த எண்ணுக்குத்தான் போகும். இணைப்பு உங்கள் மாமா பெயரில் இருந்து, எண்ணும் அவருடையதாகவே இருந்தால், அந்தச் செய்தி இன்றும் யாரும் எடுக்காத சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கும். எண்ணை மாற்றச் சொல்லி மனுக் கொடுப்பதுதான் இந்த விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. பேரூராட்சி சொத்து வரிக்கும் இதே கவனம் தேவை. அது ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் இரண்டு அரையாண்டுகளாக வரும், அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் ஊக்கத்தொகையாக 5 சதவீதம் குறையும். ஆகவே பதிவு ஏப்ரல் 5, அக்டோபர் 5 என்று இருக்கட்டும். மாதக் கடைசியில் போடாதீர்கள்.

காய் வெட்டு விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. தென்னையில் 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று வைத்துக்கொள்வோம். காலண்டரில் "Custom" போய் "45 days" என்று அமைக்கலாம், அதுவரை சரி. 2026 ஜனவரி 10-ல் வெட்டினால் அடுத்தது பிப்ரவரி 24, அதற்கடுத்தது ஏப்ரல் 10 என்று தானே போட்டுக்கொள்ளும். ஆனால் மரம் ஏறுகிற அண்ணன் பிப்ரவரி 24-ல் வரவில்லை, 28-ஆம் தேதி வருகிறார். நீங்கள் பதிவை 28-க்கு நகர்த்துகிறீர்கள். அப்போது ஆப் ஒரு கேள்வி கேட்கும்: "This event" மட்டுமா, "This and following events"-ஆ என்று. அவசரத்தில் முதலாவதைத் தொட்டால், அந்த ஒரு நாள் மட்டும் நகரும், அடுத்த வெட்டு பழையபடி ஏப்ரல் 10-லேயே நிற்கும். அதாவது 41-ஆம் நாள். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் காலண்டர் ஒரு கணக்கிலும் மரம் வேறு கணக்கிலும் போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"This and following events" என்று கொடுத்தால், கணக்கு பிப்ரவரி 28-லிருந்து புதிதாகத் தொடங்கி, அடுத்த வெட்டை ஏப்ரல் 14-ல் காட்டும். அன்று சித்திரை முதல் நாள், யாரும் மரம் ஏற வரமாட்டார்கள். இது ஆறு வாரத்துக்கு முன்பே கண்ணில் பட்டுவிடுகிறது. அதனால் அவரிடம் இப்போதே 16-ஆம் தேதி என்று பேசிவைக்கலாம். வியாபாரிக்கும் சொல்லிவிடலாம். போனில் காலண்டர் வைப்பதால் கிடைக்கும் பலன் இதுதான்.

எப்போது எதைத் தொடுவது என்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அடுத்த தடவை இந்தத் தடவையிலிருந்து எண்ணப்படுகிறதா? காய் வெட்டு, மருந்தடிப்பு, தண்ணீர்த் தொட்டி கழுவுவது போன்றவை அப்படித்தான். அவற்றுக்கு "This and following events". அடுத்த தடவை எப்படியும் அதே நாளில்தான் வருமா? சீட்டுப் பணம், பள்ளி ஃபீஸ் போன்றவை அப்படி. அவற்றை ஒரு தடவை நகர்த்தினால் "This event" போதும்.

மாமாவின் திதிக்கு வருவோம். இதில் நீங்கள் ஆப்பை நம்பவே கூடாது. வருடா வருடம் என்று போட்டால் அது ஆங்கிலத் தேதியைத்தான் பிடித்துக்கொள்ளும். திதியோ தமிழ் மாதத்தையும் பிறையையும் சேர்த்துப் பார்த்து வருவது. எல்லோருக்கும் தெரிந்த விநாயகர் சதுர்த்தியையே எடுத்துக்கொள்ளுங்கள், அது ஆவணி வளர்பிறைச் சதுர்த்தி. 2024-ல் செப்டம்பர் 7, 2025-ல் ஆகஸ்ட் 27, 2026-ல் செப்டம்பர் 14. மூன்று வருடத்தில் ஒருதடவைகூட அதே தேதியில் இல்லை. ஒருதடவை 11 நாள் முன்னால் வந்து, அடுத்த தடவை 18 நாள் பின்னால் போகிறது. திதி பார்க்காமல் நட்சத்திரம் பார்க்கும் குடும்பங்களிலும் தேதி இப்படித்தான் மாறும்.

ஆகவே திதி, கிருத்திகை, அமாவாசை, குலசாமி கும்பிடு, வீரபாண்டித் திருவிழா எதையும் வருடா வருடம் என்று போடாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு வருடாந்திரப் பதிவு போடுங்கள்: ஜனவரி 1, "புது தினசரிக் காலண்டர் பார்த்து விசேஷ நாள் ஏற்றுவது". அன்று அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் அந்த வருடத்துக்கு மட்டும் பதியுங்கள். இந்தமுறை தவறைக் கண்டுபிடித்தவர் அவர்தானே. அத்தை போன் பார்க்காதவர் என்றால், அடுப்படிச் சுவரில் தொங்கும் தாள் காலண்டர் அப்படியே இருக்கட்டும். அவரைத் தொடும் நாட்களை, அதாவது ஆஸ்பத்திரி, திதி, ஊருக்குப் போவது ஆகியவற்றை, பேனாவால் அதிலும் எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்குத் தெரியாத காலண்டர் குடும்பக் காலண்டர் ஆகாது.

போன் சம்பந்தமானது இவ்வளவுதான். இத்தனையும் சரியாகிவிட்டாலும், பதிவை எழுதுகிற முறையை மாற்றாவிட்டால், "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல" என்பது நிற்காது. முன்னால் நீங்கள் வாயால் சொன்னீர்கள், இனி காலண்டரில் சொல்வீர்கள். நினைவில் வைக்கும் வேலை உங்களிடமேதான் இருக்கும்.

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரியாத பகுதியை நான்காகப் பிரித்தார். வரப்போவதை முன்கூட்டி உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, அது நடந்ததா என்று கவனிப்பது. அவர் பேசிய தம்பதிகளில் முடிவெடுப்பதில் கணவரும் கூட இருந்தார். முன்கூட்டி உணர்வதும் பின்னால் கவனிப்பதும் பெரும்பாலும் மனைவியிடமே இருந்தன. அவர் ஆராய்ந்தது அமெரிக்கக் குடும்பங்களை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பதும் அதே நான்குதான். உங்கள் கணவர் செய்யத் தயாராக இருக்கிறார். முதலாவதும் நான்காவதும் அவர் கைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அத்தையின் மாத்திரையை வைத்து இதைப் பார்ப்போம். இப்போது உங்கள் பதிவு "அத்தை மாத்திரை" என்று இருக்கும். இதில் யார் என்பது இல்லை, என்ன செய்தால் முடிந்தது என்பதும் இல்லை. அடித்ததும் இருவரும் பார்ப்பீர்கள், மற்றவர் வாங்குவார் என்று இருவரும் நினைப்பீர்கள். அதையே இப்படி எழுதுங்கள்: தலைப்பின் முதலில் அவர் பெயரின் முதலெழுத்து, பிறகு "அத்தை பிரஷர் மாத்திரை 30 நாளுக்கு வாங்கி டப்பாவில் வைப்பது". மாத்திரை தீரும் நாளில் போடாமல், ஐந்து நாளுக்கு மீதி இருக்கும்போது வருமாறு போடுங்கள். சீட்டைப் படம் எடுத்து அவர் போனில் வைத்துவிடுங்கள், கடையில் நின்றுகொண்டு உங்களைக் கூப்பிட வேண்டியிராது. நேரத்தையும் அவருக்குத் தோதாக வையுங்கள். காலை 11 மணிக்குக் கடையில் கூட்டம் இருக்கும்போது அடித்தால் தள்ளிவிடுவார், மறந்தும் விடுவார். மாலை கடை முடிந்து வண்டி எடுக்கும் நேரத்தில் அடித்தால், வத்தலக்குண்டிலேயே மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு வருவார். டாக்டர் மாத்திரையை மாற்றினால் பதிவைத் திருத்துவதும் அவர்தான். "வாங்கிட்டீங்களா?" என்று நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டால் நான்காவது வேலை மறுபடி உங்களிடம் வந்துவிடும்.

அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று எண்ணிக்கையாகப் பிரிப்பதைவிட, ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருவரிடம் கொடுப்பது நல்லது. கரண்ட், வரி, காய் வெட்டு, அத்தை மருத்துவம் அவரிடம் முழுதாக இருக்கலாம். பள்ளிக்கூடம், தடுப்பூசி, விசேஷ வீடுகளின் மொய் உங்களிடம் இருக்கலாம். எது யாரிடம் என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். இதோடு ஒரு ஒப்பந்தம் வேண்டும்: தேதி யார் காதில் முதலில் விழுகிறதோ அவரே அப்போதே பதிய வேண்டும். கடைக்கு வந்த சொந்தக்காரர் காதுகுத்து என்று பத்திரிகை வைத்தால், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பது போதாது. கடையில் நின்றபடியே அவர் பதிய வேண்டும். பதிந்தால் அன்று வேறொரு வேலை இருப்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எதைப் பதியக் கூடாது என்பதும் முக்கியம். பாத்திரம் துலக்குவது, வாசல் தெளிப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது போன்ற தினப்படி வேலைகள் காலண்டருக்கு ஆகாது. நாளைக்குப் பத்துத் தடவை அடிக்கும் போனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அந்தப் பத்தில் கரண்ட் பில்லும் மறைந்துபோகும். தேதி இல்லாத வேலைகளுக்கும் மளிகைச் சாமானுக்கும் கூகுள் கீப்பில் ஒரு பட்டியல் போட்டு, அவர் மெயிலைச் சேர்த்துவிடுங்கள், இருவரும் எழுதலாம், டிக் அடிக்கலாம். காலண்டருக்குள்ளேயே "Tasks" என்று ஒன்று இருக்கும், அதில் போட்டுவிடாதீர்கள். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இருவருக்கும் தெரிய வேண்டியவை எல்லாம் "Event" ஆகவே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு கால்மணி நேரம் இருவரும் சேர்ந்து அடுத்த இரண்டு வாரத்தைப் பாருங்கள். நகர்த்த வேண்டியதை அப்போதே நகர்த்துங்கள். அந்தக் கால்மணி நேரத்தில் "போன வாரம் ஏன் செய்யவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டாம். வரப்போவதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காரியம் செய்யுங்கள். காலண்டரின் தேடும் பகுதியில் முதலில் உங்கள் எழுத்தையும், பிறகு அவர் எழுத்தையும் போட்டுப் பார்த்து, எது யாரிடம் இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாகத் தெரியவந்தது. காலண்டர் ஒன்றால் அந்த இடைவெளி மறையாது. சமையலும் துவைப்பதும் அதில் ஏறுவதே இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் நினைவில் வைக்கும் வேலை யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது, வாய்ச்சண்டை இல்லாமல் இருவர் கண்ணுக்கும் தெரியும். ஒரு பக்கம் பாரம் அதிகமாக இருந்தால், ஒரு முழு விஷயத்தை மறுபக்கம் மாற்றுங்கள்.

அந்த இரண்டு மாதத்தில் ஒன்றிரண்டு விட்டுப்போகத்தான் செய்யும். காய் வெட்டு ஒரு வாரம் தள்ளினால் சமாளித்துக்கொள்ளலாம், அதை அவரே கண்டுபிடித்துச் சரிசெய்யட்டும். அத்தையின் மாத்திரையும் கரண்ட் பில்லும் மட்டும் விட்டுப்போகக் கூடாதவை. அவற்றுக்கு முதல் இரண்டு மாதம் உங்கள் போனிலும் ஒரு நாள் தள்ளி நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்காமலே மாத்திரை டப்பாவுக்கு வந்துசேர்கிறதென்றால், அதை எடுத்துவிடும் நேரம் வந்துவிட்டது.